மாத்திரையும் நாடித்துடிப்பும்: கைக்கடிகாரத்தின் கணக்கு யாருக்குப் பொருந்தும்?

ரவீந்திர சரோவரில் (நம்மவர்களுக்கு அது என்றும் 'லேக்'தான்) காலை நடை போகும் தமிழன்பர்கள் பலரின் கையில் இப்போது நாடித்துடிப்பைக் காட்டும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வாங்கி அனுப்பியது. இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், அந்தக் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி விளக்கம் கேட்பவர்கள் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு வேகமாக நடந்தாலும் தொண்ணூறைத் தாண்ட மாட்டேன் என்கிறதே, சார். என் இதயத்தில் கோளாறா, கடிகாரத்தில் கோளாறா?"

இரண்டிலும் கோளாறு இல்லாமல் இருக்கலாம். காலையில் விழுங்கிய மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, கடிகாரத்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் கடிகாரம் காட்டும் எண்ணைத் துரத்தினால் விபரீதம் நேரலாம். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாம் ஓடும்போதும், மாடி ஏறும்போதும், கோபப்படும்போதும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பிகள் என்னும் பூட்டுகளில் சாவி போல் நுழைந்து, 'வேகமாகத் துடி' என்று கட்டளையிடுகிறது. பீட்டா பிளாக்கர் மருந்துகள் அந்தப் பூட்டுகளில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்கின்றன. அட்ரினலின் வந்து கதவைத் தட்டினாலும் கட்டளை பாதி அளவுக்குத்தான் உள்ளே போகிறது. இதயம் மெதுவாகத் துடிப்பதால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயு குறைகிறது, நெஞ்சுவலி குறைகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு 1960-களில் ப்ரொப்ரனலால் மருந்தை உருவாக்கினார். 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த மருந்து ஓய்வில் இருக்கும் துடிப்பை மட்டும் குறைப்பதில்லை, உச்சத் துடிப்பையும் குறைக்கிறது என்பது. முன்பு முழு மூச்சாக ஓடினால் 150 வரை போன இதயம், மாத்திரைக்குப் பின் 120-லேயே நின்றுவிடலாம். எத்தனை குறையும் என்பது மருந்தையும் அளவையும் ஆளையும் பொறுத்தது. ஒருவருக்குப் பத்து குறையும், இன்னொருவருக்கு முப்பதுக்கு மேலும் குறையும்.

தாம் இந்த மருந்தைச் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். மெட்டோப்ரோலால், அடினோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால், நெபிவோலால் என்று 'லால்' என முடியும் பெயர் இருந்தால் அது இந்தக் குடும்பம்தான். 'எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றே ஒன்றுதான்' என்பவர்களின் அந்த ஒன்றுக்குள் டெல்மிசார்டானோடு மெட்டோப்ரோலாலும் சேர்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும் ப்ரொப்ரனலால் கொடுப்பதுண்டு. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமலால் சொட்டு மருந்துகூட ரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கக்கூடும். கண்ணில் விடுவது நெஞ்சில் வேலை செய்யும் என்று யார் நினைப்பார்கள்! இந்தக் குடும்பத்தைச் சேராத டில்டியாசெம், வெரபமில், ஐவாப்ரடின் ஆகியவையும் துடிப்பைக் குறைப்பவையே. அம்லோடிபின், தனி டெல்மிசார்டான் போன்றவை அப்படிக் குறைப்பதில்லை. அவற்றை மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இக்கட்டுரையின் கணக்கு தேவையில்லை.

இனி கடிகாரத்தின் கணக்குக்கு வருவோம். வாங்கியதும் அது உங்கள் பிறந்த ஆண்டைக் கேட்கிறது. 220-இலிருந்து வயதைக் கழித்து, அதுதான் உங்கள் உச்சத் துடிப்பு என்று பெரும்பாலும் வைத்துக்கொள்கிறது. பிறகு அதில் நூற்றுக்கு 60, 70, 80 என்று வெட்டி, நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மண்டலங்களாகப் பிரிக்கிறது. இந்த 220 கணக்கு, 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்னும் இருவர் வெவ்வேறு ஆய்வுகளின் புள்ளிகளை ஒரே வரைபடத்தில் வைத்து, அவற்றின் ஊடே தோராயமாக இழுத்த கோடு. மருந்தே சாப்பிடாத ஆரோக்கியமான மனிதருக்குக்கூட அது பத்துப் பதினைந்து துடிப்பு முன்பின்னாக இருக்கும். மாத்திரை சாப்பிடுபவருக்கோ அது அடிப்படையிலேயே பொருந்தாது.

எவ்வளவு பொருந்தாது என்பதற்கு, பெயர் சொல்லாமல், நண்பர் ஒருவரின் விவரத்தைத் தருகிறேன். அவர் அனுமதியோடுதான்.

வயது 64. லேக் மார்க்கெட் அருகே வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 மில்லிகிராம், தினமும் காலை எட்டு மணிக்கு ஒன்று. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 56. மகன் அனுப்பிய கடிகாரம் அவருக்கு 220 − 64 = 156 என்று உச்சம் போட்டு, 'கொழுப்பைக் கரைக்கும் மண்டலம்' 94 முதல் 109 வரை, 'இதயத்தை வலுப்படுத்தும் மண்டலம்' 109 முதல் 125 வரை என்று காட்டியது. அவர் சுறுசுறுப்பாக நடந்தால் 88, 90, மிஞ்சினால் 92. கடிகாரமோ 'உடலைச் சூடுபடுத்தும் கட்டம்' என்பதற்கு மேல் அவரை உயர்த்தவில்லை. ஒரு மாதம் இப்படிப் போனது. பொறுமை இழந்தவர் ஓட்டமும் நடையுமாக 110-ஐத் தொட முயன்றார். தொட்டபோது மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அடுத்த யோசனைதான் என்னைத் திடுக்கிட வைத்தது. "நடைக்குப் போகிற நாளில் மட்டும் மாத்திரையை விட்டுவிடலாமா, சார்?" என்று கேட்டார்.

கூடவே கூடாது. இந்த மருந்தைப் பல மாதங்கள் சாப்பிடும்போது, பூட்டுகள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்ட உடல் புதிய பூட்டுகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. திடீரென்று மருந்தை நிறுத்தினால் அத்தனை பூட்டுகளும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்க, அட்ரினலின் முன்னைவிட வேகமாகத் தாக்கும். ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும். ஏற்கெனவே ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு அது நெஞ்சுவலியிலோ மாரடைப்பிலோ கொண்டுபோய் விடலாம். இதை நிறுத்துவதாக இருந்தால் டாக்டர்தான் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

அவரிடம் டிரெட்மில் பரிசோதனை அறிக்கை ஒன்று இருந்தது. டி.எம்.டி. என்று இங்கே எல்லோரும் சொல்வது. அதைக் கொண்டுவரச் சொன்னேன். அறிக்கையின் முதற்பக்கத்தில் நான் தேடியது ஒரே ஒரு விஷயம்: பரிசோதனையன்று மாத்திரை சாப்பிட்டிருந்தாரா? ஏனென்றால், நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்காகச் செய்யும் பரிசோதனையில் டாக்டர் சில சமயம் இம்மருந்தை முன்னதாகவே முறைப்படி குறைத்து நிறுத்தச் சொல்லியிருப்பார். அப்படிக் கிடைத்த உச்சத் துடிப்பு மாத்திரையோடு நடக்கும் மனிதருக்கு உதவாது. நடைப்பயிற்சிக்குக் கணக்குப் போட, வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுவிட்டுச் செய்த பரிசோதனைதான் வேண்டும்.

நண்பர் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தார். ஏழு நிமிடம் நடந்து, கால் ஓய்ந்து, மூச்சு வாங்கி நிறுத்தினார். நெஞ்சுவலி இல்லை, ஈ.சி.ஜி.யில் மாற்றம் இல்லை. அப்போது துடிப்பு 112. அறிக்கையின் அடியில் 'எதிர்பார்த்த இலக்குத் துடிப்பை எட்டவில்லை' என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு வீட்டில் மாமி ஒரு வாரம் தூங்கவில்லையாம். அந்த இலக்கும் 220 கணக்கிலிருந்து வந்ததுதான். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர் அதை எட்டாமல் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே.

ஆக, இவருடைய உண்மையான உச்சம் 156 அல்ல, 112. இனி கணக்கு எளிது. ஃபின்லாந்தின் கார்வோனன் 1957-இல் காட்டிய வழி இது. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் கையிருப்பு. 112-இல் 56 போக 56. நம் நண்பருக்கு அதுதான் இதயத்தின் சேமிப்புப் பணம். மிதமான பயிற்சி என்றால் இந்தக் கையிருப்பில் நூற்றுக்கு 40 முதல் 60 வரை செலவழிக்கலாம். 56-இல் நூற்றுக்கு 40 என்பது 22, அதை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 78. நூற்றுக்கு 60 என்பது 34, கூட்டினால் 90. எனவே அவருடைய மண்டலம் 78 முதல் 90 வரை.

ஒரு மாதமாக அவரைக் கடிகாரம் 'இன்னும் சூடேறவில்லை' என்று குறை சொல்லிக்கொண்டிருந்த அந்த 88-உம் 90-உம், அவருக்கு மிகச் சரியான பயிற்சி! முக்கி முனகி அவர் தொட்ட 110, கையிருப்பில் நூற்றுக்கு 96. ஸ்டென்ட் வைத்த ஒருவர், டாக்டரும் ஈ.சி.ஜி.யும் பக்கத்தில் இல்லாமல், லேக் கரையில் தினமும் டி.எம்.டி. பரிசோதனையின் கடைசி நிமிடத்தை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பொருள்.

அவருடைய பரிசோதனையில் நெஞ்சுவலியோ ஈ.சி.ஜி. மாற்றமோ வந்திருந்தால் கணக்கு வேறு. உதாரணமாக 100-இல் மாற்றம் தொடங்கியிருந்தால், அதற்குப் பத்துத் துடிப்பு கீழே, அதாவது 90 என்பதே எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாத எல்லையாகும். மண்டலத்தின் மேற்கோட்டை இன்னும் கீழே இறக்குவதா என்பதை டாக்டரே முடிவு செய்வார்.

டி.எம்.டி. செய்யாதவர்கள் என்ன செய்வது? இதய நோயோடு பீட்டா பிளாக்கரும் எடுத்துக்கொள்பவர்களுக்கென்றே 2004-இல் அமெரிக்க ஆய்வாளர் ப்ராவ்னரும் அவருடைய குழுவினரும் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள்: 164-இலிருந்து, வயதை 0.7-ஆல் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். நம் நண்பருக்கு 164 − 44.8, அதாவது 119. உண்மையில் கண்டது 112. 156-ஐவிட எவ்வளவோ நெருக்கம் என்றாலும், இதுவும் சராசரிதான். தனிமனிதருக்குப் பதினைந்து இருபது துடிப்பு தவறலாம். ஆகவே இதைக் கொண்டு மண்டலம் வகுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு நாங்கள் சொல்லிவந்த பழைய வழி எளிது: நின்ற நிலையில் உள்ள ஓய்வுத் துடிப்போடு இருபது, போகப்போக முப்பது. 56 உள்ளவருக்கு 76 முதல் 86. பரிசோதனைக் கணக்கு கொடுத்த 78–90-க்கு அது எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்.

இதற்கும் மேலான அளவுகோல் ஒன்று உண்டு. அது கடிகாரத்தில் இல்லை, நம் மூச்சில் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. ஏன் 6-இல் தொடங்குகிறது என்று பலர் கேட்பார்கள். ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும் என்பதற்காக. மாத்திரை சாப்பிட்டால் அந்தப் பெருக்கல் பொய்த்துவிடும், ஆனால் உழைப்பின் உணர்வு பொய்ப்பதில்லை. 11 'லேசு', 13 'கொஞ்சம் கடினம்'. இந்த இரண்டுக்கும் இடையே நடந்தால் போதும். எண்ணே வேண்டாம் என்பவர்களுக்கு: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட மட்டும் முடியக் கூடாது. நம் வங்காள நண்பர்கள் நடந்துகொண்டே அட்டா அடிக்கிறார்களே, வேகம் கொஞ்சம் கூடினால் அதுவும் நல்ல மருத்துவப் பரிசோதனைதான். ரவீந்திர சங்கீதம் தடங்கலின்றி வருகிறதென்றால் வேகம் போதாது!

நண்பருக்கு நான் செய்து கொடுத்தது இதுதான். கடிகாரத்தோடு இணைந்த செல்பேசிச் செயலியில் உச்சத் துடிப்பைக் கையால் மாற்றும் வசதி இருந்தது. அங்கே 156-ஐ எடுத்துவிட்டு 112 போட்டோம். அது போதாது. கடிகாரம் உச்சத்தில் நேரடியாக நூற்றுக்கு இவ்வளவு என்று வெட்டினால் 112-இல் 60 பங்கு வெறும் 67தான், அதாவது அவர் எழுந்து நின்றாலே வந்துவிடும். கையிருப்பு முறையில் கணக்கிடும்படி மாற்றி, ஓய்வுத் துடிப்பாக 56-ஐயும் கொடுத்த பிறகே மண்டலங்கள் சரியாக அமைந்தன. அந்த வசதி இல்லாத கடிகாரமானால் வண்ணங்களை மறந்துவிட்டு, 78, 90 என்ற இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது நண்பர் இந்த எண்களைக் காட்டி ஒப்புதலும் வாங்கிக்கொண்டார்.

ஓய்வுத் துடிப்பைச் சரியாக எடுப்பதும் முக்கியம். காலையில் எழுந்து, காபிக்கு முன், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கட்டைவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் இரு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். மருந்து நேரத்தையும் மறக்கக் கூடாது. மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் என்னும் சாதாரண வகை சாப்பிட்ட ஓரிரு மணியில் உச்ச வேகத்தில் வேலை செய்து, பிறகு சில மணி நேரத்தில் தளர்கிறது. அதனால்தான் அதை நாளுக்கு இரண்டு வேளை கொடுக்கிறார்கள். மெதுவாகக் கரையும் சக்சினேட் வகை நாள் முழுவதும் ஓரளவு சமமாக இருக்கும். காலை ஐந்தரைக்கு, மாத்திரைக்கு முன் நடப்பவருக்கும், மாலையில் நடப்பவருக்கும் ஒரே வேகத்தில் வெவ்வேறு எண் வருவது இதனால்தான். நடையை ஒரே நேரத்துக்கு வைத்துக்கொண்டால் ஒப்பிட முடியும். டாக்டர் மருந்தின் அளவை மாற்றினாலோ, மண்டலத்தையும் ஓரிரு வாரம் கழித்துப் புதிதாகப் போட வேண்டும். 25 மில்லிகிராமில் போட்ட கணக்கு 50-க்கு ஒத்துவராது.

கடிகாரமே தவறாகக் காட்டும் சந்தர்ப்பங்களும் உண்டு. அது தோலின் ஊடே பச்சை ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், கை வீச்சின் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடும். சுறுசுறுப்பான நடையில் நிமிடத்துக்கு 110, 120 காலடி விழும். உச்சமே 112 ஆன நண்பருக்குக் கடிகாரம் ஒரு நாள் 118 காட்டியது. அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. நின்று விரலால் எண்ணினார், 88. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு மேலாக இறுக்கியதும் சரியாகிவிட்டது. மாறாக, விரலுக்கும் துடிப்பு தாறுமாறாக, தாளமின்றித் தட்டுப்பட்டால் அது கடிகாரத்தின் தவறன்று. அன்றே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமான வேகத்திலேயே விரல் எண்ணிக்கை பதினைந்து இருபது கூடியிருந்தால், முதலில் மாத்திரை விட்டுப்போயிற்றா என்று பாருங்கள். பிறகு காய்ச்சல், நீர்வறட்சி. ஏப்ரல், மே மாதக் கல்கத்தாப் புழுக்கத்தில் வேர்வை காய்வதில்லை, உடல் சூட்டைத் தணிக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது. அந்த நாட்களில் எண் மண்டலத்தின் மேற்கோட்டைத் தொட்டால், வழக்கத்தைவிட மெதுவாக நடப்பதே சரி.

எண் குறைவாக இருப்பதைப் பற்றியும் கேட்பார்கள். இம்மருந்தோடு ஓய்வில் 50, 55 என்று இருந்து, மனிதர் நன்றாக நடமாடினால் பெரும்பாலும் கவலையில்லை. ஐம்பதுக்குக் கீழே இறங்கி, தலை சுற்றல், கண் இருட்டல், மயக்கம், புதிதாக வந்த அசதி ஏதேனும் சேர்ந்தால் டாக்டரிடம் உடனே போக வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடை அல்லது இடக்கைக்குப் பரவும் வலியோ வந்தால், கடிகாரம் என்ன காட்டினாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். சில நிமிடங்களில் தணியாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுப்பதல்ல, நேரே மருத்துவமனைக்குத்தான்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது வழக்கமாகப் படபடப்பும் கைநடுக்கமும் எச்சரிக்கும். பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் மறைத்துவிடும், நாடியும் அமைதியாக 70 காட்டிக்கொண்டிருக்கும். மறைக்க முடியாதது வேர்வை. குளிர்காலக் காலையில், மெதுவாக நடக்கும்போதே நெற்றி குப்பென்று வேர்த்துப் பசியும் குழப்பமும் தோன்றினால், முதலில் பையில் உள்ள சர்க்கரையையோ குளுக்கோஸையோ வாயில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காருங்கள். ரத்தச் சர்க்கரையைச் சோதிப்பது அதன் பிறகு.